வடுவும் மச்சமும் கன்னக்குழியும்: புதிய படத்தில் அடையாளம் மாறாதிருத்தல்

பள்ளியிலிருந்து விலகும் மாணவனுக்கு அளிக்கப்படும் மாற்றுச் சான்றிதழில் "அங்க அடையாளங்கள்" என்று ஓர் இடம் உண்டு. "வலது கன்னத்தில் ஒரு மச்சம்", "இடது புருவத்தில் ஒரு தழும்பு" என்பன போன்ற வாசகங்களை ஆசிரியர்கள் அதில் எழுதி வந்திருக்கின்றனர். மாணவன் நேரில் வந்து நிற்கும்பொழுது, இவன்தான் அவன் என்று உறுதி செய்து கொள்ள அவ்வளவு விவரம் போதும். மச்சம் முகத்திலேயே இருப்பதால் எழுத்தில் விட்டுப்போனதைக் கண் நிறைவு செய்து கொள்ளும்.

இன்று இதே வாசகம் வேறொரு வேலைக்கும் பயன்படுத்தப்படுகிறது. ஒருவரது புகைப்படத்தைக் கொண்டு புதிய படம் ஒன்றை ஆக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவியுள்ளன. பழைய படத்தைக் கொடுத்து, உடையை மாற்று, பின்னணியை மாற்று, பெரிதாக்கு என்று கட்டளையிட்டால் அவை சில நொடிகளில் புதிய படத்தைத் தருகின்றன. முகச்சாயல் பெரும்பாலும் ஒத்திருக்கும். ஆனால் தழும்பும் மச்சமும் மறைந்துவிடும். "வலது கன்னத்தில் ஒரு மச்சம்" என்று எழுதினாலும் பயன் அரிதே. மச்சம் வரும், ஆயினும் அது அவருடைய மச்சமாக இராது. இதன் காரணமும், இதைத் தவிர்க்கும் வழியும் இங்கே விளக்கப்படுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு

நவி மும்பையில், ஹார்பர் ரயில் பாதையில் வாஷிக்கும் ஜூயீநகருக்கும் இடையில் சான்பாடா என்னும் நிலையம் உள்ளது. அவ்வூரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தாயார் காலமாகிவிட்டார். தனியாக எடுத்த நல்ல படம் எதுவுமில்லை. இருப்பது ஒரு திருமணக் கூட்டப்படம் மட்டுமே, 15 செ.மீ. அகலமும் 20 செ.மீ. உயரமும் உள்ள அச்சுப்பிரதி. அதில் அவர் மூன்றாவது வரிசையில் இலேசான புன்முறுவலுடன் நிற்கிறார். அந்த முகத்தைக் கொண்டு, பட்டுப்புடவையுடன் சுவரில் மாட்டத்தக்க படம் ஒன்றை ஆக்க மகன் விரும்புகிறார்.

தாயாரின் முகத்தில் மூன்று அடையாளங்கள் இருந்தன. வலது கன்னத்தில் ஏறத்தாழ 4 மி.மீ. அகலமுள்ள, மிளகளவான மச்சம் ஒன்று. இடது புருவத்தில் சிறுவயதில் விழுந்ததால் ஏற்பட்ட வடு ஒன்று. அது 12 மி.மீ. நீளமும் ஒன்றரை மி.மீ. அகலமும் உள்ள சாய்ந்த கோடு. அவ்விடத்தில் மயிர் முளைப்பதில்லை. மூன்றாவது, சிரிக்கும்பொழுது இடது கன்னத்தில் விழும் குழி. மூக்குத்தி வலப்புறத்தில் இருந்தது.

முதல் முயற்சியில் கிடைத்த படத்தில் புருவம் முழுமையாகிவிட்டது, மச்சம் இல்லை, கன்னம் மழமழவென்று உள்ளது. பிள்ளைகள் அதைப் பார்த்து, "அம்மாவின் தங்கையைப் போல் இருக்கிறது" என்கின்றனர். குடும்பத்தார் அவரை எதனால் அறிந்திருந்தனரோ அதுவே படத்திலிருந்து போய்விட்டது.

அடையாளம் ஏன் அழிகிறது?

முதற் காரணம் அளவைப் பற்றியது. மனித முகத்தின் அகலம் ஏறத்தாழ 14 செ.மீ. எனக் கொண்டால், 4 மி.மீ. மச்சம் அதில் 35-ல் ஒரு பங்கு. மேற்கண்ட அச்சுப்பிரதியில் தாயாரின் முகம் 8 மி.மீ. அகலமே உள்ளது. அதை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் முகம் 94 புள்ளி அகலத்தில் அமையும். மச்சத்துக்குக் கிடைப்பது மூன்று புள்ளிக்கும் குறைவு.

பெரிதும் பயன்பட்டுவரும் கருவிகளுள் ஒன்றான ஸ்டேபிள் டிஃப்யூஷனின் தொடக்க வகைகள் 2022-ம் ஆண்டில் வெளியாயின. அவை படத்தை அப்படியே கையாள்வதில்லை. 512-க்கு 512 புள்ளி உள்ள படத்தை 64-க்கு 64 கட்டங்கள் உள்ள சுருக்க வடிவமாக முதலில் மாற்றிக் கொள்கின்றன. அதாவது பக்கத்துக்கு 8 புள்ளி கொண்ட சதுரம் ஒன்று ஒரு கட்டமாகிறது. ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும் மூன்று புள்ளி மச்சம், அரிசி மூட்டையில் விழுந்த ஒற்றைக் கடுகைப் போன்றது. சுருக்கத்திலிருந்து படத்தை மீண்டும் விரிக்கும்பொழுது அது தோலின் நிறத்தோடு கலந்துவிடக்கூடும்.

இரண்டாவது காரணம் படம் உருவாகும் முறையைப் பற்றியது. இக்கருவிகள் படத்தின்மீது தாறுமாறான புள்ளிக் கலப்பை ஏற்றி, பின்னர் அதைப் படிப்படியாக நீக்கிப் புதிய படத்தைப் பெறுகின்றன. கலப்பு ஏறும்பொழுது முதலில் மறைபவை நுண்ணிய விவரங்களே. தலையின் வடிவம், தோளின் கோடு போன்ற பெரியவை இறுதிவரை நிற்கும். மறைந்த நுண்விவரத்தைக் கருவி தான் கற்றதிலிருந்து மீண்டும் நிரப்புகிறது. அது கற்ற படங்களில் திருத்தி மெருகிடப்பட்ட முகங்கள் ஏராளம். ஆகையால் தழும்பு இருந்த இடத்தில் பழுதற்ற தோலை நிரப்புவதே அதற்கு இயல்பாகிறது.

இந்தக் கலப்பின் அளவைப் பயன்படுத்துவோர் ஓரளவு கட்டுப்படுத்தலாம். ஸ்டேபிள் டிஃப்யூஷனை இயக்கும் டிஃப்யூசர்ஸ் என்னும் மென்பொருள் தொகுப்பில் `strength` என்று ஓர் எண் உண்டு. அது 0-க்கும் 1-க்கும் இடையில் அமையும். ஒன்றும் குறிப்பிடாவிடில் 0.8 எனக் கொள்ளப்படும். மொத்தம் 50 படிகள் எனில், 0.8-ல் கருவி 40 படிகளில் படத்தை மறுபடி வரைகிறது, 0.3-ல் 15 படிகளே வரைகிறது. முன்னதில் மச்சம் பெரும்பாலும் பிழைப்பதில்லை. பின்னதில் பிழைக்கக்கூடும், ஆனால் புடவையும் பின்னணியும் விரும்பிய அளவு மாறமாட்டா. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இழுபறியே இத்துறையின் முக்கியச் சிக்கல்.

முதலில் செய்ய வேண்டுவது

எழுதத் தொடங்குமுன் படத்தைச் சரி செய்ய வேண்டும். சான்பாடாக் குடும்பத்தின் அச்சுப்பிரதியை அங்குலத்துக்கு 1200 புள்ளி வீதம் ஸ்கேன் செய்து, தாயாரின் முகத்தைச் சுற்றி மட்டும் வெட்டி எடுத்தால், முகம் 378 புள்ளி அகலம் பெறும். மச்சம் இப்பொழுது 11 புள்ளி. ஒரு கட்டத்தைவிடப் பெரிது. வடுவின் நீளம் 32 புள்ளி. ஆனால் அகலம் 4 புள்ளியே. ஆகவே மச்சத்தைவிட வடுவே அதிக ஆபத்தில் உள்ளது என்பது கணக்கிலிருந்தே தெரிகிறது. கருவி புருவத்தின் இடைவெளியை "நிரப்பி"விடுவதற்கு இதுவே காரணம்.

ஓர் எச்சரிக்கை: அச்சில் இல்லாததை எவ்வளவு நுண்மையாக ஸ்கேன் செய்தாலும் பெற இயலாது. உருப்பெருக்கியால் அச்சுப்பிரதியைப் பார்த்தும் வடு புலப்படவில்லையெனில், அதே காலத்து வேறு படமொன்றைத் தேடுவதே முறை. ஒன்றுக்கு மேற்பட்ட படங்களை ஏற்கும் கருவியானால், அடையாளம் தெளிவாகத் தெரியும் அண்மைப்படத்தையும் உடன் கொடுக்கலாம்.

விவரிக்கும் முறை

அடையாளத்தை எழுத்தில் வடிக்கும் கலை புதிதன்று. 1880-களில் பாரிஸ் நகரக் காவல்துறையில் பணியாற்றிய அல்போன்ஸ் பெர்ட்டியோன், கைதிகளை மீண்டும் அடையாளம் காணும் பொருட்டு உடலளவுகளையும் தழும்பு, மச்சம் ஆகியவற்றையும் அட்டைகளில் பதியும் முறையை வகுத்தார். "கையில் தழும்பு" என்று எழுதுவதால் பயனில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். தழும்பின் இயல்பு, வடிவம், அளவு, சாய்வு, உடலின் அசையாத ஓர் இடத்திலிருந்து அதன் தூரம் ஆகியவற்றை எழுதச் செய்தார். 1897-ல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பணியகம் ஏற்பட்டபின், உடலளவு முறை இந்நாட்டில் வழக்கொழிந்தது. எனினும் அடையாளத்தை விவரிக்க அவர் கண்ட ஒழுங்கு இன்றைய கருவிக்கும் அப்படியே பொருந்துகிறது.

இடத்தைக் குறிப்பதற்கு இரண்டு கோடுகள் போதும். ஒன்று மேலிருந்து கீழ், மற்றொன்று குறுக்கே. தாயாரின் மச்சம் வெளிக்கண்முனைக்கு நேர் கீழே, மூக்கின் அடிப்பகுதியின் மட்டத்தில் உள்ளது. கண்முனையும் மூக்கடியும் எல்லா முகத்திலும் உள்ளவை, கருவி அறிந்தவை. "கன்னத்தில்" என்னும் சொல் உள்ளங்கை அகலமுள்ள ஒரு பரப்பைக் குறிக்க, இவ்விரு கோடுகள் ஒரு புள்ளியைக் குறிக்கின்றன.

அளவைக் குறிப்பதற்கு மில்லிமீட்டர் உதவாது. படத்தில் மில்லிமீட்டர் இல்லை. முகத்திலேயே உள்ள அளவுகோல் ஒன்று தேவை. வயது வந்தோரின் கருவிழி வட்டம் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடாமல் ஏறத்தாழ 12 மி.மீ. அகலம் உடையது. ஆகவே மச்சம் கருவிழியில் மூன்றில் ஒரு பங்கு. வடுவின் நீளம் ஒரு கருவிழி. மிளகு, கடுகு போன்ற உவமைகள் மனிதருக்குத் தெளிவானவை. கருவியோ சில சமயம் மிளகையே வரைந்துவிடும்.

இடம், வலம் என்பதில்தான் மிகுதியான பிழை நேர்கிறது. தாயாரின் வலது கன்னம் படத்தைப் பார்ப்பவருக்கு இடப்புறத்தில் தோன்றும். கருவி எதைக் கொள்ளும் என்பது நிச்சயமில்லை. கைபேசியின் முன்புறக் கேமராவில் எடுத்த சில படங்களோ கண்ணாடிப் பிம்பம்போல் புரண்டும் இருக்கும். ஆகையால் படத்தின் இடப்புறம் அல்லது வலப்புறம் என்றே எழுதுதல் நன்று. அத்துடன் ஒரு பக்கத்தில் மட்டும் உள்ள பொருளோடு பிணைத்துவிட்டால் ஐயம் தீரும்: "மூக்குத்தி உள்ள அதே பக்கத்துக் கன்னம்."

மூன்று அடையாளங்கள், மூன்று இயல்புகள்

மச்சம் முக்கியமாக நிறத்தால் வேறுபடுவது. அதன் நிறம், விளிம்பு, அளவு ஆகியவற்றைக் கூறினால் போதும். ஆனால் "அழகு மச்சம்" என்பது போன்ற பெயரை இடலாகாது. அப்பெயரோடு கருவி கற்றவை பெரும்பாலும் மேலுதட்டின் மேலுள்ள திரைநடிகையரின் மச்சங்களாதலின், மச்சம் அங்கே குடியேறிவிடக்கூடும்.

வடு வேறு வகை. அது தோலின் அமைப்பு மாறிய இடம். "வடு" அல்லது "தழும்பு" என்னும் பெயரைக் கேட்டதும், கருவி திரைப்பட ஒப்பனையில் காணும் சிவந்த, ஆழமான வெட்டுக்காயத்தை வரைந்துவிடுவதுண்டு. தாயாரின் வடுவோ நாற்பது ஆண்டு ஆறிப்போனது. தோலைவிடச் சற்று வெளிறியது. புருவத்தில் ஒரு இடைவெளியாக மட்டுமே தெரிவது. எனவே பெயரை விட்டு, கண்ணுக்குத் தெரிவதையே எழுத வேண்டும்: "புருவத்தின் வெளிப்பகுதியில் மயிரில்லாத மெல்லிய சாய்ந்த இடைவெளி."

கன்னக்குழி இவ்விரண்டினின்றும் அடிப்படையில் வேறானது. அது தோலில் உள்ள குறியன்று. அசைவில் பிறக்கும் நிழல். வாய்க்கோணத்தை மேலிழுக்கும் கன்னத் தசை இரண்டாகப் பிரிந்திருப்பது அதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. பலருக்கும் அது சிரிக்கும்பொழுதே தோன்றும். பக்கவாட்டில் விழும் ஒளியில் தெளிவாகவும், நேரொளியில் மங்கலாகவும் தெரியும். மகன் முதலில், "அமைதியான முகம் வேண்டும், கன்னக்குழியும் வேண்டும்" என்று கேட்டார் எனக் கொண்டால், அவர் ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டைக் கேட்டவராவார். அத்தகைய கட்டளைக்குக் கருவி கன்னத்தில் ஒரு கரிய பள்ளத்தை வரையும்; அல்லது இரு கன்னங்களிலும் குழி வைக்கும். புன்முறுவலையும் ஒளி வரும் திசையையும் பழைய படத்தில் உள்ளவாறே விட்டுவிடுவதுதான் கன்னக்குழியைக் காக்கும் வழி.

கட்டளை வாசகம்

மேற்கூறியவற்றை ஒன்று சேர்த்தால், படத்தைத் திருத்தும் கருவிக்கு ஆங்கிலத்தில் இடும் கட்டளை பின்வருமாறு அமையும். தமிழில் கட்டளை ஏற்கும் கருவிக்கு இதே ஒழுங்கில் தமிழிலும் எழுதலாம்.

```
Keep the face exactly as in the photo, with its soft smile and lighting.
Keep the round dark-brown mole on the left side of the image, same side
as the nose stud: below the outer corner of the eye, level with the
base of the nose, one third as wide as the iris.
Keep the thin slanting hairless gap in the eyebrow on the right side.
Keep the shallow dimple on the right side. Natural skin texture.
Change only the sari to dark green silk and the background to plain grey.
```

இதில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. காக்க வேண்டியவை முதலிலும் மாற்ற வேண்டியவை இறுதியிலும் வந்துள்ளன. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் தொடக்க வகைகளைப் போன்றவை 77 சொற்கூறுகளுக்கு மேல் படிப்பதில்லை, எஞ்சியதை வெட்டிவிடும். அவற்றுக்கு இவ்வாசகத்தை இன்னும் சுருக்கவும் வேண்டும். இரண்டாவது, "தோலை மழமழப்பாக்காதே" என்று எழுதாமல் "இயல்பான தோல்" என்று எழுதப்பட்டுள்ளது. எதிர்மறையைச் சரியாகக் கொள்ளாத கருவிக்கு "மழமழப்பு" என்ற சொல்லே கட்டளையாகிவிடும்.

முதல் படம் சரியாக வராவிடில் அதையே மீண்டும் திருத்தச் சொல்லலாகாது. ஒவ்வொரு திருத்தத்திலும் முகம் சிறிது விலகும். நான்காவது திருத்தத்தில் அந்நியர் ஒருவர் நிற்பார். ஒவ்வொரு முறையும் பழைய புகைப்படத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

சொல்லின் எல்லையும் மறைப்பும்

எவ்வளவு நுட்பமாக எழுதினும், சொல்லைக் கொண்டு கருவி வரைவது அதைப் போன்ற ஒரு மச்சமே. அதே மச்சம் வேண்டுமெனில் அப்பகுதியைக் கருவி தொடாதவாறு செய்ய வேண்டும். இதற்கு மறைப்பு முறை உள்ளது. டிஃப்யூசர்ஸ் தொகுப்பின் வழக்கப்படி, மறைப்புப் படத்தில் வெள்ளையாக உள்ள பகுதி மட்டும் புதிதாக வரையப்படும். கறுப்புப் பகுதி காக்கப்படும். முகம் முழுவதையும் கறுப்பாக்கி, புடவையையும் பின்னணியையும் வெள்ளையாக விடலாம்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. காக்கப்பட்ட பகுதியும் மேலே கூறிய சுருக்கத்துக்குள் சென்று திரும்புகிறதாதலின், நான்கு புள்ளி அகலமுள்ள வடு சற்று மங்கலாம். எனவே முடிவில், சாதாரணப் படத்திருத்த மென்பொருளைக் கொண்டு பழைய முகத்தையே புதிய படத்தின்மேல் பொருத்தி, விளிம்பை மட்டும் இழைத்துவிடுவது நிச்சயமான வழி. மகன் கண்ட "தங்கை"யை மீண்டும் தாயாராக்குவது இறுதியில் இந்த எளிய வேலையாகவே இருக்கலாம்.

சரிபார்த்தல்

படம் வந்ததும், "ஒத்திருக்கிறதா" என்று கேட்பதைவிட அளந்து பார்ப்பது மேல். பழைய படத்தில் இரு வெளிக்கண்முனைகளுக்கு இடையே 243 புள்ளி. கண்முனையிலிருந்து மச்சம் 108 புள்ளி கீழே உள்ளது. விகிதம் 0.44. புதிய படத்தில் கண்முனைகளின் இடைவெளி 400 புள்ளி எனில், மச்சம் ஏறத்தாழ 178 புள்ளி கீழே இருக்க வேண்டும். 120 புள்ளியில் இருந்தால் அது கண்ணை நோக்கி ஏறிவிட்டது என்பது வெளிப்படை. முகம் ஒரே திசையை நோக்கியிருந்தாலே இவ்வொப்பீடு பொருந்தும். தலை திரும்பினால் விகிதம் மாறும்.

அடுத்து மூக்குத்தி எந்தப் பக்கம் உள்ளது என்று பார்க்க வேண்டும். அது இடம் மாறியிருந்தால் முகமே புரண்டிருக்கிறது. பின்னர், இல்லாத அடையாளம் எதுவும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2025 செப்டம்பரில் புடவைப் படங்களை ஆக்கிப் பகிரும் வழக்கம் இந்நாட்டில் பரவியபொழுது, தாம் கொடுத்த படத்தில் மூடப்பட்டிருந்த கையில் உள்ள மச்சம் புதிய படத்தில் தோன்றியது என்று ஒருவர் தெரிவித்தது பெரிதும் பேசப்பட்டது. வெற்றுத் தோலை வரையும் கருவி, தான் கற்றபடி மச்சத்தையும் வரையக்கூடும். அது உண்மையோடு பொருந்துவதும் தற்செயலாக நேரலாம். ஆதலால் புதிய படத்தில் ஒரு குறி இருப்பதோ இல்லாதிருப்பதோ எதற்கும் சான்றாகாது.

இக்காரணத்தால், இவ்வாறு ஆக்கிய படத்தைச் சான்றிதழிலோ அடையாள அட்டையிலோ ஒட்டுதல் கூடாது. படத்தின் பின்புறத்தில், இது பழைய புகைப்படத்திலிருந்து ஆக்கப்பட்டது என்று ஆண்டுடன் எழுதி, மூலப்பிரதியை உறையிலிட்டு உடன் வைத்தல் வேண்டும். அங்க அடையாளங்களைப் பதியும் ஆசிரியரும் களப்பணியாளரும் "கன்னத்தில் மச்சம்" என்பதோடு நில்லாமல், எந்தக் கண்முனைக்குக் கீழே, எதன் மட்டத்தில், கருவிழியில் எத்தனை பங்கு என்று ஒரு வரி கூடுதலாக எழுதினால், பிற்காலத்தில் அம்முகத்தைத் தேடுவோர்க்கு அந்த ஒரு வரியே ஆதாரமாக அமையும்.